ராத்திரி எழுதிய கடிதம், காலையில் போகட்டும்



திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் மாவட்டம் ஒன்று, ரயில் பாதை வேறு. ஒன்று அரக்கோணம் போகும் வழியில் இருக்கிறது, இன்னொன்று கூடூர் போகும் வழியில். ரயிலில்தான் போவேன் என்றால் சென்னைக்குள் நுழைந்து, வண்டி மாறி, மறுபடி வடக்கே கொருக்குப்பேட்டை, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். சாலையில் பெரியபாளையம் பக்கம் சுற்றிப் போகலாம். எப்படிப் போனாலும் ஒரு ஆளின் பாதி நாள் போய்விடும். காக்களூர் சிட்கோவில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கும் நம் வாசகர் ஒருவருக்கு வேலை கொடுப்பவர்களில் முக்கால்வாசி பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான் இருக்கிறார்கள். "பில்லுக்கு நேர்ல போய் நின்னா அன்னிக்கு மெஷின் நிக்கும் சார். அதனால மெயில்தான்" என்றார். போன மாதம் கும்மிடிப்பூண்டி லோக்கலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து இதைச் சொன்னார். அவர் சொன்னதை அந்தப் பயணத்தோடு விட மனம் வரவில்லை. இந்த மாதப் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

அவருடைய சிக்கல் நேரம். பகல் முழுக்க பட்டறையில் நிற்பவருக்கு மெயில் எழுத உட்கார வாய்ப்பதே ராத்திரி பதினொன்றரைக்குத்தான். அப்போது அனுப்புகிற மெயிலின் தலையில் 11.42 என்று நேரம் விழும். "தயவுசெய்து பேமென்ட் அனுப்பவும்" என்ற அதே வரி காலை பத்தேகாலுக்கு வந்தால் வியாபாரம், நள்ளிரவை ஒட்டி வந்தால் கோபம். அதோடு, ராத்திரி போன மெயில் காலைக்குள் இன்னும் முப்பது மெயிலுக்கு அடியில் புதைந்துவிடும். அக்கவுண்ட்ஸ் ஆள் டீ குடித்துவிட்டு மேலேயிருந்து படித்துக்கொண்டு வரும்போது அது கண்ணிலேயே படாது.

அதற்குத்தான் Schedule send இருக்கிறது. கைப்பேசியில் ஜிமெயில் செயலியைத் திறந்து, கடிதத்தை எழுதி, பெறுநர், பொருள், இணைப்பு எல்லாம் சரிபார்த்த பிறகு அம்புக்குறியைத் தொடாமல், மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட வேண்டும். வருகிற பட்டியலில் Schedule send என்ற வரி இருக்கும். அதைத் தொட்டால் நாளை காலை, நாளை மதியம், திங்கள் காலை என்று தயாராகச் சில நேரங்களைக் காட்டும். அதில் காலை என்றால் 8 மணி. எட்டு மணிக்கு எந்த அக்கவுண்ட்ஸ் பிரிவில் நாற்காலி நிரம்பியிருக்கிறது? கீழே உள்ள Pick date & time என்பதைத் தொட்டு நாமே நேரம் வைப்பதுதான் சரி. நம் வாசகர் 10.15 வைப்பார். சொன்ன நிமிடத்திலேயே போகும் என்று அடித்துச் சொல்ல முடியாது, சில நிமிடம் முன்பின் ஆகலாம்.

வைத்தாயிற்று என்றால் கடிதம் Scheduled என்ற அறையில் காத்திருக்கும். இடப்பக்கப் பட்டியலைத் திறந்தால் அது தெரியும். காத்திருப்பது கூகுளின் கணினியில்தான், நம் கைப்பேசியில் இல்லை. ஆகவே காலையில் கைப்பேசி அணைந்து கிடந்தாலும் கடிதம் போய்விடும். ஆனால் ராத்திரி எழுதும்போது இணைப்பு இருந்து, அது அந்த அறைக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் எழுதினால், படுக்கப் போகும் முன் அந்த அறையை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. ஐபோனோடு வரும் மெயில் செயலியிலும் 2022 முதல் இதே வசதி உண்டு, அனுப்பும் அம்பைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் வரும். அங்கே நேரம் வரும்போது போன் இணைப்பில் இருக்க வேண்டும். ஜிமெயில் செயலிக்குள்ளேயே கம்பெனி பெயரில் உள்ள வேறு நிறுவனத்து மெயில் கணக்கைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்த வரியே கண்ணில் படாமல் போகலாம். செயலி பழுது என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டாம்.

இது வரைக்கும் எல்லாரும் சுலபமாகப் பழகிவிடுகிறார்கள். நம் வாசகர் வழுக்கியது அடுத்த படியில்.

நேரம் வைக்கத் தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு பார்ட்டிக்கு மூன்று நினைவூட்டலை ஒரே ராத்திரியில் எழுதினார். முதலாவது பணிவாக, இரண்டாவது சற்று அழுத்தமாக, மூன்றாவது "இன்னும் வரவில்லை என்பது வருத்தமளிக்கிறது" என்று. மூன்றுக்கும் வெவ்வேறு தேதி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். முதல் மெயிலுக்கே பணம் வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் வரிசையில் நிற்கும் மற்ற இரண்டையும் மறந்துவிட்டார். இரண்டாவது போனது. மூன்றாவதும் போனது. பணம் கொடுத்தவரைப் பார்த்து ஏன் கொடுக்கவில்லை என்று கேட்ட கதை. அந்த அக்கவுண்ட்ஸ் அம்மா போனில் ஒரே கேள்விதான் கேட்டாராம்: "பேங்க் ஸ்டேட்மெண்ட்னு ஒண்ணு இருக்குதே, அதெல்லாம் பார்க்கறது இல்லீங்களா?" அடுத்த ஆர்டருக்காக அவரிடம் பேச ஒரு மாதம் வாய் வரவில்லை என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று புரிந்தது. நேரம் வைத்து அனுப்ப வேண்டியது, நடுவில் என்ன நடந்தாலும் போக வேண்டிய கடிதம் மட்டுமே. சரக்கு இறக்கியாயிற்று, சலான் இதோ, பில் இதோ என்பது அப்படிப்பட்டது. நாளைக்கு எது மாறினாலும் அது பொய்யாகாது. 'பணம் வரவில்லை' என்பது வேறு ஜாதி. அது எழுதும்போது உண்மை, போகும்போது உண்மையா என்பது யாருக்கும் தெரியாது. அந்த மாதிரிக் கடிதத்தை வரிசையில் நிறுத்தக் கூடாது. அதற்கு உரிய நாளில் நம்மை எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டும். எழுந்து பார்த்து, பணம் வரவில்லை என்றால் அப்போது எழுதிக்கொள்ளலாம்.

அந்த எழுப்பும் ஆள்தான் Snooze. அலாரத்தில் இருக்கும் அதே சொல். ஒரு மெயிலை இன்பாக்ஸிலிருந்து தள்ளிவைத்து, நாம் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் மறுபடி மேலே கொண்டு வந்து வைக்கும். அரசு அலுவலகங்களில் பழைய எழுத்தர்கள் நினைவூட்டு நாட்குறிப்பு ஒன்று வைத்திருப்பார்கள், எந்தக் கடிதத்துக்கு எந்தத் தேதியில் பதில் வர வேண்டும் என்று அந்தந்தத் தேதியின் பக்கத்தில் குறித்து. அதே வேலைதான். மெயிலில் இதை விரலால் தள்ளும் பழக்கமாக ஆக்கியது 2013இல் வந்த மெயில்பாக்ஸ் என்ற செயலி. டிராப்பாக்ஸ் அதை வாங்கி, பிறகு மூடியும்விட்டது. கூகுள் தன் இன்பாக்ஸ் செயலியில் 2014இல் கொண்டு வந்து, 2018இல் ஜிமெயிலுக்குள் சேர்த்தது. நேரம் வைத்து அனுப்பும் வசதி ஜிமெயிலுக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம், 2019 ஏப்ரல் 1 அன்று. முட்டாள்கள் தினத்தில் அறிவித்ததால் விளையாட்டு என்று நான் நம்பாமல் இருந்தேன். ஜிமெயிலே 2004இல் அதே தேதியில் பிறந்தது என்பது மறந்துபோயிருந்தது.

தள்ளிவைக்க, மெயிலைத் திறந்து அதே மூன்று புள்ளியில் Snooze என்பதைத் தொட்டு நாளையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். நாம் அனுப்பிய மெயிலையும் Sent அறையிலிருந்து எடுத்து இப்படித் தள்ளிவைக்கலாம். ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. காலை 10.15க்குப் போகப் போகிற மெயில் இன்னும் போகவே இல்லை, அதை ராத்திரியே எப்படித் தள்ளிவைப்பது? போன பிறகு நினைவாகத் தேடி எடுத்துத் தள்ளிவைக்க வேண்டும் என்றால், அதை நினைவில் வைக்க இன்னொரு ஆள் தேவைப்படும். நம் வாசகர் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. நகல் பெறுபவர் வரிசையில், அதாவது சிசியில், தன் மெயில் முகவரியையே போட்டுவிடுகிறார். கடிதம் புறப்பட்டதும் ஒரு பிரதி தன் இன்பாக்ஸில் வந்து விழுகிறது. போய்விட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி, தள்ளிவைக்க வேண்டிய பொருளும் அதுவே. பத்தரை மணி டீக்குக் கை கழுவும்போது அதைப் பார்த்து, அங்கேயே தேதி வைத்துவிடுவார்.

எந்தத் தேதி? அது மனம்போன போக்கில் வைப்பது இல்லை. அவர் சொன்ன ஒரு பில்லைத் தொடர்ந்து போனால் தெரியும்.

2025 ஜூன் 2, திங்கட்கிழமை. நாலு லட்ச ரூபாய்க்கான ஜாப் சிப்காட்டில் இறங்கியது, கேட்டில் சலானில் முத்திரை விழுந்தது. பர்ச்சேஸ் ஆர்டரில் 60 நாளில் பணம் என்று அச்சடித்திருந்தது. ஆனால் உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஒரு பாதுகாப்பு தருகிறது. இரு தரப்பும் எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. சரக்கில் குறை இருக்கிறது என்று வாங்கியவர் எழுத்தில் சொல்ல 15 நாள். சொல்லாவிட்டால் இறங்கிய நாளே ஏற்ற நாள். இந்தக் கணக்கில் ஜூன் 17 வரை குறை சொல்லலாம், ஜூலை 17க்குள் பணம் வர வேண்டும்.

ஜூன் 2 ராத்திரியே சலானைப் படம் பிடித்து, பில்லோடு இணைத்து, மறுநாள் 10.15க்கு நேரம் வைத்தார். ஜூன் 3 காலை பிரதி வந்து விழுந்தது, அதை ஜூன் 18 காலை பத்து மணிக்குத் தள்ளிவைத்தார். இடையில் குறை சொல்லி ஒரு வரியும் வரவில்லை. ஜூன் 18 அன்று மெயில் தானாக மேலே வந்து நின்றது. அப்போதுதான் இரண்டாவது கடிதத்தை எழுதினார், கையோடு அனுப்பினார், நேரம் வைக்கவில்லை: குறை ஏதும் தெரிவிக்கப்படவில்லை, ஆகவே ஜூலை 17 கெடு நாள் என்று குறித்துக்கொள்கிறோம். மூன்றே வரி. அதை ஜூலை 10க்குத் தள்ளினார்.

ஜூலை 10 மெயில் எழுந்தது. முதல் வேலை வங்கிச் செயலியைத் திறப்பது. பணம் இல்லை. ஒரு நினைவூட்டல் போட்டு, பதில் வர வேண்டிய நாளாக 14, திங்கள் என்று வைத்தார். மறுநாளே அந்தத் தொடரில் ஒரு பதில் வந்தது: அக்கவுண்ட்ஸ் அதிகாரி 15ஆம் தேதி வரை விடுப்பில் இருக்கிறார் என்று கணினி தானாக அனுப்புகிற பதில். தள்ளிவைத்த தொடரில் புதிதாக எது வந்தாலும் அது உடனே இன்பாக்ஸுக்குத் திரும்பிவிடும். அனுப்பியது மனிதரா, கணினியா என்று பார்ப்பதில்லை. பட்டறைக் கணக்கைப் பார்ப்பவர் அவர் மனைவி, இருவர் போனிலும் ஒரே மெயில் கணக்கு. மனைவி திறந்து பார்த்தார், பதில் வந்துவிட்டது என்று அடுத்த மெயிலுக்குப் போய்விட்டார். 14ஆம் தேதி யாரும் யாரையும் எழுப்பவில்லை. 15ஆம் தேதி ராத்திரி சந்தேகம் வந்து Snoozed அறையைத் திறந்து பார்த்தபோது காலி. பதில் வந்த தொடரைப் படித்ததும், வேண்டியது அதில் இல்லை என்றால், அங்கேயே மறுபடி தேதி வைக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டார்கள்.

ஒரே கணக்கை இரண்டு போனில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஒருவர் தள்ளிவைத்தால் இருவர் இன்பாக்ஸிலிருந்தும் மெயில் மறையும். "ஏங்க, அந்தப் பில் மெயிலை அழிச்சிட்டீங்களா?" என்று வீட்டில் ஒரு சண்டை நடந்து முடிந்த பிறகுதான் அவர்களுக்கு இது தெரிந்தது. தேடும் பெட்டியில் கீழே உள்ளதைத் தட்டினால் தள்ளிவைத்தவை அத்தனையும் வரும்:

```
in:snoozed
```

ஜூலை 16 அதிகாரி வந்தார். போனில் பேசினார்கள். பணம் கெடு தாண்டி 22ஆம் தேதி வந்தது. தாமதத்துக்கு அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு வட்டி தருகிறது. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. அப்போது விகிதம் 5.75, மூன்று மடங்கு 17.25 சதவீதம். நாலு லட்சத்துக்கு ஒரு மாதத்துக்கு 5,750 ரூபாய். ஐந்து நாளுக்கு அவர் கேட்கவில்லை. "கேக்கலாம்னு தெரிஞ்சு வச்சிக்கிட்டேன், அது போதும் சார். நாளைக்கும் அவங்க கேட்லதான் வண்டி நிக்கணும்" என்றார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

கெடு நாள் நெருங்கும் கடிதத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 13ஆவது பிரிவில், மின் கடிதம் அனுப்பப்பட்ட நேரம் எது என்று சொல்கிறது. அனுப்புபவரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள கணினிக்குள் அது நுழையும் நேரம். வரிசையில் நிற்கும் கடிதத்தை நாம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஆகவே அது இன்னும் நம் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்பது என் வாசிப்பு. நான் வக்கீல் இல்லை. ஆனால் 17ஆம் தேதிக்குள் போக வேண்டியதை 17 ராத்திரி எழுதி 18 காலைக்கு நேரம் வைத்துவிட்டு, எழுதியது 17 என்று வாதாட நான் துணிய மாட்டேன். அந்த ஒரு ராத்திரி 11.42 ஆனாலும் அனுப்பிவிடலாம்.

வரிசையில் நிற்கும் கடிதத்தைத் திருத்துவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. Scheduled அறையில் அதைத் திறந்து Cancel send தொட்டால் அது வரைவாக மாறிவிடும், வைத்த நேரம் போய்விடும். தொகையில் ஒரு பூஜ்யத்தைச் சரிசெய்துவிட்டு, நேரம் இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போனை வைத்துவிட்டால் கடிதம் Drafts அறையில் என்றைக்கும் கிடக்கும். திருத்திய பிறகு மறுபடி நேரம் வைக்க வேண்டும். போகவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவும் அந்த சிசி பிரதிதான் கைகொடுக்கிறது. பத்தரை டீக்கு அது வந்திருக்கவில்லை என்றால், Draftsஐத் திறந்து பார்க்க வேண்டியதுதான். இணைத்த பில்லும் இணைத்தபோது இருந்தபடியே போகும். பிறகு கணினியில் பில்லைத் திருத்தினாலும் கடிதத்தோடு ஒட்டியிருப்பது பழையதுதான்.

கவரைப்பேட்டை தாண்டியதும் அவர் தன் போனைக் காட்டினார். Snoozed அறையில் பதினோரு மெயில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. Scheduled அறையில் ஒன்றே ஒன்று, மறுநாள் காலை 10.15. சலானும் பில்லும்.

இதை நான் எழுதி முடிக்கும்போது ராத்திரி ஒன்று பத்து. அச்சகத்தில் பக்கம் கட்டுபவர் தம்பி வயதுக்காரர், தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு தூங்குபவர். நாளை காலை 9.40க்கு நேரம் வைத்திருக்கிறேன், சிசியில் என் முகவரியோடு. பதில் பிரதி மாலைக்குள் வர வேண்டும், ஐந்து மணிக்கு எழுப்பிவிடச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்